மாடி போர்ஷனுக்கு வீடியோ எடுத்தபோது: எந்த அறை முதலில், எவ்வளவு நேரம்

சேலையூரில் அப்பா கட்டிய வீட்டின் மாடி போர்ஷன் காலியானது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற குடும்பங்கள்தான் அங்கே அதிகம் வீடு கேட்பார்கள். நேரில் வந்து பார்க்க அவர்களுக்கு வசதி இருக்காது; வீடியோ அனுப்புங்கள் என்பார்கள். வீடு தேடிய காலத்தில் எனக்கும் தரகர்கள் நிறைய வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். தரை, சுவர், ஃபேன், கதவு என்று எல்லாம் ஓடி மறையும். முடியும்போது சமையலறை ஹாலுக்கு இடப்பக்கமா, பின்பக்கமா என்றுகூடத் தெரியாது. அதனால் ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: நம் வீடியோவைப் பார்ப்பவர் ஒரு தாளில் வீட்டின் பிளானை வரைய முடிய வேண்டும்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்படிக்கட்டு ஏறினால் சின்ன சிட்-அவுட், பிறகு நிலைவாசல், நேராக ஹால். நுழைந்ததும் இடப்பக்கம் சின்னப் படுக்கையறை. எதிரே சமையலறை, அதன் பின்னால் சர்வீஸ் ஏரியா. வலப்பக்கம் ஒரு குறுகிய நடை. அதில் பொதுக் குளியலறை. நடை முடிகிற இடத்தில் பெரிய படுக்கையறை, அட்டாச்டு குளியலறையும் பால்கனியும் அதற்கு உண்டு.

பால்கனிதான் இந்த வீட்டுக்கு அழகு, அதை முதலில் காட்டலாமே என்று வீட்டில் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பால்கனியில் தொடங்கினால் அது எந்த அறையோடு சேர்ந்தது என்று விளக்க மறுபடி பின்னால் வர வேண்டும். பார்ப்பவருக்கு வாசலிலிருந்துதான் வீடு தொடங்குகிறது. ஆகவே தெரு, கேட், பைக் நிறுத்தும் இடம், படிக்கட்டு, நிலைவாசல், ஹால் என்று போய், ஹாலிலிருந்து வலமாகவே சுற்றினேன்: இடப்பக்க அறை, எதிரே சமையலறை, வலப்பக்க நடை, பெரிய அறை. பால்கனி தானாகவே கடைசியில் வந்து நின்றது.

ஹாலில் நிலைவாசலுக்கு உள்ளே இரண்டடி தள்ளி, தரையில் சின்னதாக ஒரு டேப் ஒட்டினேன். ஒவ்வொரு அறையின் கிளிப்பும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். அங்கே நின்று அந்த அறையின் கதவை நேராக இரண்டு விநாடி காட்டுவது, பிறகு கதவை நோக்கி நடப்பது, உள்ளே போனதும் அறையைக் காட்டி நிறுத்துவது. அறையிலிருந்து திரும்பி வெளியே வருவதைக் காட்டவே இல்லை. அடுத்த கிளிப் மறுபடி டேப் இடத்திலிருந்து வேறு கதவைப் பார்த்துத் தொடங்கும். ஒரே ஹால், ஒரே இடம், வேறு கதவு என்றால் பார்ப்பவருக்குத் திசை குழம்பாது. வெளிச்சத்துக்கும் இது நல்லது. இருட்டான நடையிலிருந்து பால்கனிக்கு ஒரே ஓட்டமாகப் போனால் போன் திணறும், படம் சட்டென்று வெளுத்துப் பிறகு சரியாகும். கதவில் வெட்டிவிட்டால் அந்தத் தடுமாற்றம் படத்தில் வராது.

அறைக்குள் கேமராவைத் திருப்புகிற வேகம்தான் கஷ்டமான விஷயம். கதவோரத்து மூலையில் நின்று இரண்டு விநாடி அசையாமல் பிடிப்பேன். எதிர் மூலை வரை ஆறு விநாடியில் திருப்பி, அங்கே மறுபடி இரண்டு விநாடி நிறுத்துவேன். எடுக்கும்போது இது ரொம்ப மெதுவாகத்தான் தோன்றும். போன் திரையில் பார்த்தால்தான் சரியான வேகம் என்று தெரியும். திருப்பி முடிகிற பக்கம் பாதங்களை முதலிலேயே வைத்துக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து மட்டும் திரும்பினால் ஆட்டம் குறைகிறது. வேகமாகத் திருப்பினோமா என்று பார்க்க சுவிட்ச் போர்டைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது பொத்தான்கள் கரைந்து ஒரே பட்டையாகத் தெரிந்தால் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

எல்லா அறைக்கும் ஒரே நேரம் கொடுக்கவும் கூடாது. சின்னப் படுக்கையறையில் அலமாரி, லாஃப்ட், ஜன்னல் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. பத்து விநாடி போதும். சமையலறைக்கு இருபது விநாடிக்கு மேல் கொடுத்தேன். மேடை எவ்வளவு நீளம், சிங்க் எந்தப் பக்கம், சிலிண்டர் எங்கே வைப்பது, ஆர்.ஓ. மாட்ட பாயிண்ட் இருக்கிறதா என்று வீட்டில் சமைக்கிறவர் ஒவ்வொன்றாகத் தேடுவார். குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதையும் எடுத்தேன். தண்ணீர் வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷினுக்கான குழாயையும் கழிவுநீர் போகும் துளையையும் நெருங்கிக் காட்டினேன். குளியலறையில் திருப்ப இடமே கிடையாது. வாசலில் நின்றபடி மேலே கீசரிலிருந்து கீழே தரை வரை மெதுவாக இறக்கினால் போதும்.

0.5 வைடு லென்ஸை அறைகளில் தொடவில்லை. 10-க்கு 10 அறையை அது கல்யாண மண்டபம் போலக் காட்டும். நேரில் வந்ததும் வருகிறவர் முகம் மாறிவிடும், அப்புறம் நாம் சொல்லும் வேறு எதையும் நம்ப மாட்டார். குளியலறைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் பயன்படுத்தினேன். அங்கே அளவைக் குரலில் சொல்லிவிட்டேன்.

எடுப்பதற்கு முன் ஃபேன்களை நிறுத்திவிடுங்கள். சத்தம் ஒரு பக்கம், இறக்கைகள் படத்தில் வளைந்து தெரிவது இன்னொரு பக்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 30 ஃபிரேமில் எடுக்கும்போது சில விளக்குகளுக்குக் கீழே சுவரில் பட்டை பட்டையாக ஓடும். போனில் 25 ஃபிரேம் இருந்தால் அதற்கு மாற்றலாம். புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50 வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வெளிச்சம் மாறாமல் இருக்க, எடுக்கத் தொடங்கும் முன் சுவரின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிக்கொண்டேன்.

கிளிப்புகளைச் சேர்த்து, மதுரையில் இருக்கும் சித்தி மகளுக்கு அனுப்பினேன். அவள் இந்த வீட்டைப் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிளான் வரைந்து அனுப்பு என்றேன். ஹால், சமையலறை, சின்ன அறை எல்லாம் அப்படியே வந்திருந்தன. பொதுக் குளியலறையை மட்டும் பெரிய அறைக்குள் போட்டிருந்தாள். "அட்டாச்டே ரெண்டு இருக்கே, விருந்தாளி வந்தா எங்கே போவாங்க?" என்று கேட்டாள். வாடகைக்கு வருகிறவர் இதே சந்தேகத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும்.

கிளிப்பை ஓட்டிப் பார்த்தேன். நடைக்குள் நுழைந்ததும் குளியலறையின் உட்புறத்துக்கு வெட்டு போயிருந்தது. கதவு எந்தச் சுவரில் இருக்கிறது என்று எங்குமே தெரியவில்லை. அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினேன். நடையின் தொடக்கத்தில் நின்று, எதிரே பெரிய அறையின் கதவு சாத்தியிருப்பதை இரண்டு விநாடி காட்டினேன். அங்கிருந்து வெட்டாமல் இடப்பக்கம் திரும்பிக் குளியலறைக் கதவு, பிறகு உள்ளே. அடுத்த கிளிப் நடையின் அதே இடத்திலிருந்து, பெரிய அறையின் கதவைத் திறப்பதில் தொடங்கியது. சாத்திய கதவுதான் வேலையைச் செய்தது. இந்தத் தடவை அலுவலக நண்பர் ஒருவரை வரையச் சொன்னேன், குளியலறை நடையிலேயே வந்தது.

குரலைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்தேன். அறைக்கு ஒரு வாக்கியம், அதுவும் படத்தில் தெரியாததை மட்டும்: அளவு, ஜன்னல் பார்க்கும் திசை, மதியம் வெயில் அடிக்குமா என்பது. பேச்சு கிளிப்பைவிட நீண்டால் பேச்சைத்தான் குறைக்க வேண்டும். படத்தை மெதுவாக்கி நீட்டினால் விட்டுவிட்டு ஓடும். வேகமாக ஓட்டியது படிக்கட்டை மட்டும்தான். மொத்தம் இரண்டேகால் நிமிடத்தில் முடிந்தது.

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பாயிண்டுகளும் குழாய்களும் மங்கிவிடுகின்றன. அதனால் டாக்குமென்ட்டாக அனுப்பினேன். பார்த்துவிட்டு அழைத்தவர்கள் அட்வான்ஸ், கார் நிறுத்த இடம், மெட்ரோ தண்ணீர் என்று கேட்டார்கள். கார் நிறுத்த இடம் கிடையாது, அதை இப்போது கேட் கிளிப்பின் குரலிலேயே சேர்த்துவிட்டேன். கிளிப்புகளை அறைவாரியாகப் பெயரிட்டுத் தனித்தனியாகவும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை சமையலறைக்குப் பெயின்ட் அடித்தால் அந்த ஒரு கிளிப்பை மட்டும் எடுத்து மாற்றினால் போதும்.