படத்துக்கு எவ்வளவு, எழுத்துக்கு எவ்வளவு: ஒரு ஆறு மதிப்பெண் கேள்வியைத் திருத்திய அனுபவம்

உயர்நிலை 4 பிரிலிம் உயிரியல் தாளில் எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி. வெங்காயத் தோலின் செல் ஒன்றைச் செறிந்த உப்புக் கரைசலில் வைத்தால் என்ன ஆகும் என்று, பாகங்களைக் குறித்த படத்தோடு விளக்க வேண்டும். ஆறு மதிப்பெண். நானும் இன்னொரு ஆசிரியரும் ஆளுக்குப் பாதியாகத் திருத்தினோம். பிள்ளைகள் எழுதியது ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் சொல்கிறேன்.

மார்க்கிங் ஸ்கீமில் ஆறு குறிப்புகள் இருந்தன. ஒன்று, வெளியே உள்ள உப்புக் கரைசலின் நீரியல் திறன் செல் சாற்றினுடையதைவிடக் குறைவு. இரண்டு, அரை ஊடுருவும் செல் சவ்வின் வழியே சவ்வூடு பரவலால் நீர் வெளியேறுகிறது. மூன்று, வாக்குவோல் சுருங்குகிறது. நான்கு, செல் சவ்வு செல் சுவரை விட்டு விலகுகிறது. ஐந்து, செல் சுவர் தன் வடிவத்தில் நிற்கிறது. ஆறு, விலகிய இடைவெளியில் உப்புக் கரைசல் நிறைகிறது, ஏனென்றால் செல் சுவர் நீரையும் கரைந்த உப்பையும் தடுப்பதில்லை. கடைசி மூன்றுக்கும் பக்கத்தில் ‘படத்திலோ எழுத்திலோ’ என்று போட்டிருந்தது. அந்த இரண்டு சொற்களில்தான் நாங்கள் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டோம்.

திருத்தத் தொடங்கும் முன் இருவரும் ஒரே விடைத்தாளின் நகலைத் தனித்தனியாகத் திருத்திப் பார்ப்பது வழக்கம். நான் ஐந்து போட்டிருந்தேன், அவர் மூன்று. ஆறில் இரண்டு மதிப்பெண் வித்தியாசம் பெரிய ஓட்டை.

அந்தத் தாள் இப்படி இருந்தது. செவ்வகமாக, கோடுகள் நேராக, செல் சுவர். அதற்குள் நெளிந்த ஒரு வளையம். வளையத்துக்குள் சின்ன வாக்குவோல். ‘செல் சுவர்’ என்ற குறியீட்டின் கோடு சுவரைச் சரியாகத் தொட்டது. ‘செல் சவ்வு’ என்ற கோடு வளையத்தைத் தொடாமல், மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே, இடைவெளியில் நின்றுவிட்டது. அதே இடைவெளிக்கு இன்னொரு கோடு போட்டு ‘காற்று’ என்று எழுதியிருந்தான் பையன். கீழே எழுத்தில்: ‘உப்புக் கரைசலின் நீரியல் திறன் செல் சாற்றைவிடக் குறைவாக இருப்பதால் சவ்வூடு பரவல் மூலம் நீர் செல்லை விட்டு வெளியேறுகிறது. வாக்குவோல் சுருங்குகிறது. சைட்டோபிளாசமும் செல் சவ்வும் செல் சுவரை விட்டு விலகுகின்றன. இது பிளாஸ்மா சிதைவு.’

எங்கள் துறையில் இருபது வருடத்துக்கு மேல் திருத்திய தமிழ் பேசும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு நகலையும் கையில் வாங்கி என்னிடம் முதலில் கேட்டார்: “தம்பி, நாலாவது குறிப்புக்கு நீ எத்தனை டிக் போட்டிருக்க?”

பார்த்தேன். எழுத்தில் ‘விலகுகின்றன’ என்ற இடத்தில் ஒரு டிக். படத்தில் விலகிய வளையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு டிக். ஒரே கருத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். நேராக நிற்கும் சுவருக்குப் படத்திலிருந்து ஐந்தாவது குறிப்பைக் கொடுத்தது சரி. ஒன்றும் மூன்றும் எழுத்தில் இருந்தன, அதுவும் சரி. இரண்டாவதற்கு அரை ஊடுருவும் சவ்வு என்ற சொல் வேண்டும், அது இல்லாததால் நான் கொடுக்கவில்லை. ஆக நான் கொடுத்த ஐந்தில் ஒன்று இரட்டைக் கணக்கு.

மூன்று போட்டவரின் தவறு வேறு மாதிரி. இடைவெளியில் ‘காற்று’ இருப்பதாகவும், சவ்வின் கோடும் அங்கேயே முடிவதாகவும் பார்த்து, இவனுக்குச் சவ்வு எது என்றே தெரியவில்லை என்று முடிவு கட்டி, நான்காவது குறிப்பையே அடித்துவிட்டார். ஆனால் காற்று என்பது ஆறாவது குறிப்பைச் சேர்ந்த பிழை. அங்கே ஒரு மதிப்பெண் போனால் போதும், அதே பிழைக்காக நான்காவதும் போகக்கூடாது. தொடாமல் நின்ற கோடு எதையும் காட்டவில்லை; தவறான ஒன்றைக் காட்டியதாக ஆகாது. எழுத்தில் சவ்வு விலகுவது தெளிவாக இருக்கிறது. நான்காவது குறிப்பு எழுத்திலிருந்து அவனுக்கு உண்டு. சரியான மதிப்பெண் நான்கு.

அடுத்த நகல் இன்னும் கடினம். அதில் எழுத்து அச்சடித்த மாதிரி சரியாக இருந்தது: ‘செல் சவ்வு செல் சுவரை விட்டு விலகுகிறது, சுவர் வடிவம் மாறுவதில்லை’. படத்தில் முழுச் செல்லும் சுவரோடு சேர்ந்து சுருங்கி, உலர்ந்த திராட்சை போல இருந்தது. இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி. வெளிக்கோட்டுக்குச் ‘செல் சுவர்’, உள்கோட்டுக்குச் ‘செல் சவ்வு’, இரண்டும் துல்லியமாகத் தொட்டுக் குறிக்கப்பட்டிருந்தன. இங்கே படம் எதையும் சொல்லாமல் விடவில்லை. எழுத்து சொன்னதை நேராக மறுத்தது. எழுதியது மனப்பாடம், வரைந்ததுதான் அந்தப் பிள்ளையின் மனதில் உள்ள செல் என்பது என் எண்ணம். நான்கும் ஐந்தும் இரண்டுமே கொடுக்கவில்லை. அவள் அழகாக எழுதியிருந்ததால் எனக்கு மனசு கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் படம் வெறும் அலங்காரம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டால், படம் கேட்டதற்கே பொருள் இல்லாமல் போகும்.

எந்தக் குறிப்பைப் படம் தனியாகச் சுமக்கும், எது முடியாது என்றும் பேசிக்கொண்டோம். செல்லிலிருந்து வெளியே ஓர் அம்பு போட்டு ‘நீர்’ என்று எழுதியவர்கள் நிறைய. அம்பு நீர் போகும் திசையைச் சொல்லும், ஏன் போகிறது என்று சொல்லாது. எனவே முதல் இரண்டு குறிப்புகளும் எழுத்தில் மட்டும். வாக்குவோல் சுருங்குவதும் அப்படியே. ஒரே ஒரு படத்தில் சின்னதாக இருக்கும் வாக்குவோல் சுருங்கியதா, வரையும்போதே சின்னதாகப் போட்டதா என்று யார் சொல்வது?

பிறகு அக்கா சொன்ன ஒரு விஷயம் என் கையையே மாற்றியது. “எழுத்த முதல்ல படிச்சா, படத்துல இல்லாதது எல்லாம் இருக்கற மாதிரித் தெரியும். கீழ ஒரு பேப்பர வச்சு மூடு. படத்த மட்டும் பாரு.” அன்றிலிருந்து அப்படித்தான். எழுத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு குறியீட்டுக் கோட்டின் மேலும் பேனா முனையை ஓட்டி, அது எங்கே முடிகிறது என்று பார்ப்பேன். படம் கொடுத்த குறிப்பின் எண்ணை ஓரத்தில் எழுதுவேன். பிறகுதான் பேப்பரை எடுத்துவிட்டு எழுத்தைப் படிப்பது. ஓரத்தில் ஏற்கெனவே 4 இருந்தால், எழுத்தில் அது மறுபடி வந்தாலும் டிக் கிடையாது. டிக்குக்குப் பதில் எண் எழுதுவதால் இரட்டைக் கணக்கு கண்ணில் பட்டுவிடும். சுவரும் சவ்வும் பெயர் மாறிக் குறிக்கப்பட்ட படங்களும் இப்படித்தான் அகப்பட்டன. எழுத்தை முதலில் படித்திருந்தால் அவற்றில் பாதியை நான் விட்டிருப்பேன்.

அதற்குள் நான் முப்பது தாள் பழைய முறையில் முடித்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். ஒன்பதில் மதிப்பெண் மாறியது, ஏழில் குறைந்தது, இரண்டில் கூடியது. கூடிய இரண்டிலும் எழுத்தில் விட்டுப்போன ஆறாவது குறிப்பு, படத்தில் ‘உப்புக் கரைசல்’ என்று இடைவெளிக்குள் சின்ன எழுத்தில் கிடந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்த வாரம் ஆய்வகத்தில் சிவப்பு வெங்காயத் தோலை வைத்தோம். ‘காற்று’ என்று எழுதிய பையனின் கண்ணாடித் தகட்டில், மூடுதகடு போடும்போது நிஜமாகவே ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தது. நுண்ணோக்கியில் குமிழியின் விளிம்பு தடித்த கறுப்பு வளையமாகத் தெரிந்தது. பக்கத்துச் செல்லில் சிவப்பு நிறம் நடுவில் ஒடுங்கி அடர்ந்திருக்க, சுவருக்கும் அதற்கும் இடையில் தெளிவான இடம், கறுப்பு விளிம்பே இல்லாமல். மூடுதகட்டின் ஒரு பக்கம் காய்ச்சி வடித்த நீரை விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை உறிஞ்சிய பிறகு, சிவப்பு மெல்லப் பரவிச் சுவரைத் தொட்டது. அவன் கண்ணை எடுக்காமலே, “அப்போ அந்த இடத்துல இருந்தது உப்புத் தண்ணியா, சார்?” என்றான்.