வசையும் கொஞ்சலும் ஒரே சொல்லில்

ஒரு கொரியத் தொடருக்குத் தமிழ்த் துணைவரி எழுதியபோது இரண்டே வரிகளைப் பற்றி நானும் என் வேலையை மறுபார்வை செய்யும் அக்காவும் நெடுநேரம் வாதாடினோம். வரிகள் திரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வாதம் மட்டும் எனக்குள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

காட்சி இதுதான். கடனை வசூலிக்க வந்தவன், சூப்பும் சோறும் விற்கும் சிறிய கடையில் நிற்கும் தாயிடம் அவளுடைய மகனைத் தேடி வந்து, "அஜுமா, அந்த செக்கி எங்கே இருக்கிறான்?" என்று கேட்கிறான். அவள் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "என் செக்கிதான், ஏன்?" என்கிறாள். அஜுமா என்பது நடுவயதுப் பெண்ணை அழைக்கும் சொல். செக்கி என்றால் கொரிய மொழியில் விலங்கின் குட்டி. அடுத்தவனைப் பார்த்துச் சொன்னால் அது கெட்ட வசை. தாய் தன் பிள்ளையை "நே செக்கி", அதாவது என் செக்கி, என்றால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் கொஞ்சல். அவன் வசையாக வீசியதை அவள் கொஞ்சலாக ஏந்திக்கொள்கிறாள். கொரியாவில் இதைப் பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

எங்களுக்கு வரும் ஆங்கில மூலவரியில் இந்த விளையாட்டு இல்லை. அவன் பேச்சில் "பாஸ்டர்ட்" என்றும், அவள் பதிலில் "மை பாய்" என்றும் இருந்தது. ஆங்கிலத்தை மட்டும் நம்பி எழுதியிருந்தால், "அந்த நாய் எங்கே?", "அவன் என் மகன்" என்று முடித்திருப்பேன், யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஒலியில் செக்கி என்ற சொல் இரண்டு முறை கேட்கிறது. கொரியத் தொடர்களைத் தொடர்ந்து பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இப்போது அந்தச் சொல் காதில் பழகியிருக்கிறது. காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றைப் படிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

சொல்லுக்குச் சொல் போட்டால் கதை கெட்டுவிடும். கொரியர்கள் நாயையும் குட்டியையும் சேர்த்து மிகக் கடுமையாகத் திட்டுவார்கள். தமிழில் நாய்க்குட்டி என்றால் சிரிப்புத்தான் வரும். வசையின் சூடு எங்கே பிறக்கிறது என்பது மொழிக்கு மொழி வேறுபடுகிறது. தமிழில் கடும் வசைகள் பெரும்பாலும் பிறப்பைத் தொடுகின்றன, தாயைத் தொடுகின்றன, சில நேரம் சாதியையும் தொடுகின்றன. சாதி ஒட்டிய சொல்லை நான் எந்தக் காட்சிக்கும் எடுப்பதில்லை. அது கதையில் இல்லாத ஒரு கொடுமையை நம் ஊரிலிருந்து அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும்.

அதனால் நான் முதலில் எழுதி அனுப்பியது இப்படி இருந்தது: "ஏம்மா, அந்த நாய்க்குப் பொறந்தவன் எங்க?" அதற்குப் பதில், "எனக்குப் பொறந்தவன்தான், ஏன்?" எழுதிய நாளில் எனக்கு அது மிகவும் நிறைவாக இருந்தது. சொல் திரும்புகிறது, சூடு இருக்கிறது, தாயின் நெஞ்சுரமும் இருக்கிறது.

அக்கா அழைத்தார். "தம்பி, பதில் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அவன் யாரைத் திட்டுறான்?" என்று கேட்டார். மகனைத்தான் என்றேன். "தமிழ்ல அவன் அம்மாவையும் சேர்த்துல்ல திட்டிட்டான்? அவ முகத்துக்கு நேரா!" என்றார். பிறகு அந்தக் காட்சியை மீண்டும் கேட்கச் சொன்னார். வசூலிக்க வந்த அந்தக் கடன்காரன், அவள் மகனைத் திட்டினாலும், வாக்கியத்தை "யோ" என்ற மரியாதை விகுதியில்தான் முடிக்கிறான். வயதில் மூத்த பெண்ணிடம் அந்த அளவுக்குத் தன்னை அடக்கிக்கொள்கிறவன் அவன். என் தமிழில் அவன் அவளுடைய கற்பையே பழித்துவிட்டு நிற்கிறான். அப்படியானால் அவள் பதிலும் பிள்ளையைக் காப்பதாக இல்லாமல், தன் மானத்தைக் காப்பதாக மாறிவிடுகிறது.

அவர் சொன்னது சரி என்று உடனே பட்டது. ஆயினும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இதே தாய் முந்தைய காட்சியில், பட்டணத்தில் தோற்றுத் திரும்பிய மகனைப் பார்த்ததும், அழுகிப்போகிறவனே என்று பொருள்படும், கொரியாவின் தென்மேற்கிலுள்ள ஜொல்லா வட்டார வசையால் திட்டிவிட்டு, அதே மூச்சில் சோறு சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அதற்கு நான் "கட்டையில போறவனே, சோறு தின்னியாடா?" என்று எழுதியிருந்தேன், அக்கா ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். நம் கிழவிகள் வாயில் அந்த வசைக்கு இருக்கும் ஈரம் அவருக்குத் தெரியும். சுடுகாட்டைச் சொல்லும் வசையை ஏற்கலாம், பிறப்பைச் சொல்லும் வசையை ஏற்கக் கூடாதா என்று கேட்டேன். "அது அவ புள்ளையைச் சொல்றது. சொல்ற வாய் யாருதுன்னு பாருங்க. அதோட, காதுல விழுற வசை காத்தோட போயிடும், எழுத்துல வர்றது ரெண்டு விநாடி கண்ணு முன்னாடி நிக்கும்" என்றார். குரல் கூடவே ஒலிப்பதால்தான் எழுத்து கடுமையாக இருந்தாலும் பார்ப்பவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். குரலில் இருக்கும் கனிவை எழுத்தும் சுமக்க வேண்டியதில்லை. இதில் இன்றுவரை நாங்கள் ஒத்துப்போகவில்லை.

கடைசியில் பயல் என்ற சொல்லிடம் வந்து சேர்ந்தோம். "ஏம்மா, அந்தப் பொறுக்கிப் பய எங்க?" "என் பயதான், ஏன்?" பய என்பதும் செக்கியைப் போலவே யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து இகழ்ச்சியாகவும் உரிமையாகவும் ஒலிக்கும். தாயை அது தொடவில்லை. வரியும் சிறியது, அவள் பதில் திரையில் நிற்கும் ஒன்றரை விநாடிக்குள் தடையின்றிப் படித்துவிடலாம். குறை ஒன்றுதான்: செக்கி கொரியத் தெருவில் கைகலப்பைத் தொடங்கிவைக்கும் சொல், பொறுக்கிப் பய என்பதை நம் தெருவில் மாமன் மச்சானே சொல்லிக்கொள்வார்கள். கடன்காரன் சற்று நல்லவனாகிவிட்டான். தாய்க்கு எதிரே நிற்கும் ஆபத்து குறைந்தது. அவளுடைய துணிவும் அந்த அளவுக்குக் குறைந்துதான் தெரிகிறது. சொல்லின் திருப்பத்தைக் காக்க அந்த விலையைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன், மனமொப்பித்தான் செய்தேன்.

அந்த முடிவை உலுக்கியது பின்னால் வந்த ஒரு பகுதி. எங்களுக்குப் பகுதிகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். முன்கூட்டியே முழுக்கதையும் தெரியாது. மகன் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்க, தாய் அவன் முகத்தைத் தடவி, "ஐகோ, நே செக்கி" என்று அரற்றுகிறாள். கடையில் சொன்ன அதே சொல், இப்போது வசையின் நிழல்கூட இல்லாமல் வருகிறது. தொடர்பைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் "ஐயோ, என் பயலே" என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். எந்தத் தமிழ்த் தாயும் அந்த இடத்தில் அப்படி அழமாட்டாள். "ஐயோ, என் ராசா" என்று மாற்றினேன். அக்காவும் உடனே சரி என்றார்.

ராசா என்று எழுதியதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அங்கே சொல்லின் தொடர்பை விட்டுவிடலாம் என்றால், கடையில் அதற்காகக் கடன்காரனின் வாயை ஏன் அவ்வளவு மென்மையாக்கினேன்? அங்கே "அந்த நாய் எங்க?" "என் புள்ள அவன்" என்று எழுதி, ஆபத்தை முழுதாக வைத்திருக்கலாமே. அந்தக் காட்சியில் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து வருவதால் திருப்பம் தெரிந்தே ஆக வேண்டும், மருத்துவமனைக் காட்சியோ பல மணி நேரம் கழித்து வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. அடுத்த பகுதி வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.