கோ-லைவுக்கு முன்னாடி ஸ்டோர்ஸ் ஆளுங்களுக்கு SAP ட்ரெய்னிங் குடுத்த கதை

எங்க பம்ப் ஃபேக்டரில SAPங்கற கம்பெனி சாஃப்ட்வேர் வந்தப்போ ஸ்டோர்ஸ் பக்கத்துக்கு நான்தான் கீ யூசர். 22 பேரு, ரெண்டு ஷிஃப்ட், இவங்க எல்லாருக்கும் கத்துக்குடுக்கற வேலை என் தலையில. மெட்டீரியல் உள்ள வந்ததும் ஜிஆர்என், அதாவது சரக்கு வந்ததுக்கான பதிவு, போடறதுலதான் நான் அதிகமா அடி வாங்குனேன், அதை மட்டும் சொல்றேன்.

முதல் ரவுண்டு, நிஜ வேலையே SAPல ஆரம்பிக்கற கோ-லைவ் நாளுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே, கான்ஃபரன்ஸ் ஹால்ல ப்ரொஜெக்டர் போட்டு 22 பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு நடத்துனோம். ஜிஆர்என் போடற MIGO ஸ்க்ரீனை நான் தொறந்து காட்டுனேன், எல்லாரும் தலையாட்டுனாங்க, அட்டெண்டன்ஸ்ல கையெழுத்து போட்டாங்க, வடை டீ சாப்ட்டு போயிட்டாங்க. அப்புறம் கோ-லைவ் தள்ளிப்போச்சு. மூணு வாரம் கழிச்சு ஒரு அண்ணன்கிட்ட, இருபது வருஷ சர்வீஸ், "ஒரு ஜிஆர்என் போடுங்கண்ணா"ன்னேன், அவரு "தம்பி, மொதல்ல எதை அமுக்கணும்"னாரு. தப்பு அவரு மேல இல்ல, மவுஸை அன்னைக்கு நான் மட்டும்தான புடிச்சேன்.

அதனால திருப்பி ஆரம்பிச்சேன். கோ-லைவுக்கு முந்துன மூணு வாரத்துக்குள்ள, பேட்ச்சுக்கு ஆறு பேரு, ஆறு கம்ப்யூட்டரு, ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம், ஆளுக்கு மூணு செஷன். இதுல நான் எதிர்பாக்காத தலைவலி ட்ரெய்னிங் சிஸ்டத்துல இருக்கற பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர். ஒரு பிஓவுக்கு ஒருத்தர் முழு ரிசீப்ட் போட்டுட்டா பாக்கி குவான்டிட்டி ஜீரோ, அடுத்தவருக்கு போட ஒண்ணுமே இருக்காது. முதல் பேட்ச்ல அஞ்சு நிமிஷத்துலயே மாட்டிக்கிட்டோம், ஆறு பேரும் ஒரே பிஓ நம்பரை அடிச்சு ஒருத்தருக்கு மட்டும் வேலை செஞ்சுது. அப்புறம் ஆளுக்கு அஞ்சு பிஓன்னு 110 பிஓவை பர்ச்சேஸ்ல ஒரு பொண்ணு உக்காந்து போட்டு குடுத்துச்சு. அதுவும் டெமோ மெட்டீரியல் இல்ல, எங்க ராடு, எங்க காஸ்டிங், எங்க சப்ளையர் கோடு. லாகின்கூட லைவ்ல வரப்போற அதே பெர்மிஷனோட வேணும்னு சண்டை போட்டு வாங்குனோம், இல்லன்னா இங்க பாத்த பட்டன் அங்க இருக்காது.

86 பக்க மேனுவல் ஒண்ணு இருந்துச்சு, யாரும் தொடல. அதை விட்டுட்டு ஒரு வேலைக்கு ஒரு பக்கம்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டு தமிழ்ல எழுதி லேமினேட் பண்ணி கவுண்டர்ல தொங்கவிட்டேன்.

இப்போ டெஸ்ட். கேள்வித்தாள் எல்லாம் வேண்டாம்னு சரக்கோட வர்ற டெலிவரி சலான், டிசின்னு சொல்லுவோம், அதுல பழசை ஜெராக்ஸ் எடுத்து நம்பரை மாத்தி கையில குடுத்தோம், ஆளுக்கு அஞ்சு, யார்கிட்டயும் கேக்கக்கூடாது, லேமினேட் கார்டு மட்டும் பாக்கலாம். மூணு சாதாரணம், ரெண்டு வில்லங்கம். ஒரு வில்லங்கம் இப்டி: பிஓ 500 கிலோ ராடு, டிசியும் 500ன்னு சொல்லுது, ஆனா எங்க வெயிட் ஸ்லிப் 480. MIGOல பிஓ நம்பர் குடுத்தா பாக்கி 500 அதுவாவே வந்து நிக்கும், Item OK டிக் போட்டு போஸ்ட் பண்ணா பச்சையா மெசேஜ் வந்துரும், ஆளு சந்தோஷமா எழுந்து போயிருவாரு. ஸ்டாக்ல மட்டும் இல்லாத 20 கிலோ இருக்கும்.

பக்கத்துல நின்னு பாத்தா இது கண்டுபுடிக்கவே முடியாது, அதனால எல்லாரும் போனப்புறம் யாரு என்ன போட்டாங்கன்னு காட்டற MB51 லிஸ்ட்ல ஒவ்வொருத்தர் யூசர் ஐடி போட்டு எடுத்து டிசி, வெயிட் ஸ்லிப்போட ஒப்பிட்டேன். 22ல 9 பேரு 500 போட்டிருந்தாங்க. நல்லா வேகமா முடிச்சவங்கதான் அதுல அதிகம்.

அந்த 9 பேருக்கு தனியா ஒரு செஷன் வெச்சோம், திருத்தற வேலைக்கு மட்டும். போட்ட டாக்குமெண்டை அழிக்க முடியாது, கேன்சல்தான் பண்ணணும், ரிசீப்ட்டுக்கான 101 கோடுக்கு எதிரா கேன்சலுக்கான 102 விழும், அப்புறம் 480க்கு புதுசா போடணும். "அழிக்க முடியாதா"ன்னு அதிர்ச்சியானவங்க அதுக்கப்புறம் குவான்டிட்டிய ஒரு தடவை பாத்துட்டுதான் போஸ்ட் அமுக்குனாங்க. ரெண்டாவது டெஸ்ட்ல 6 பேரு பாஸ். மீதி 3 பேருக்கு கோ-லைவ் அன்னைக்கு பாக்கற பெர்மிஷன் மட்டும் குடுத்து பாஸ் ஆனவரு பக்கத்துல உக்கார வெச்சோம், மேனேஜருக்கு இது பிடிக்கல, ஆளு பத்தலைன்னாரு, நான் விடல.

கோ-லைவ் அன்னைக்கு காலைல பத்து மணிக்கெல்லாம் ஃபோன். ஒரே லாரி, ஒரே டிசி, ஆனா ரெண்டு பிஓ மெட்டீரியல் கலந்து வந்திருக்கு. நாங்க பழக்குன அஞ்சு ஸ்லிப்ல அது இல்லவே இல்ல. போயி கூட நின்னு ஒவ்வொரு பிஓவுக்கும் தனித்தனியா போட வெச்சுட்டு, அன்னைக்கு ராத்திரியே ஆறாவது கார்டு அடிச்சேன்.