கடைசி இடத்தில் இருக்கும் பள்ளியா, மேலே இருக்கும் பள்ளியா?

சென்னையில் பள்ளிகளுக்கு உதவும் ஒரு டிரஸ்ட்டில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், தேர்ச்சி சதவீதத்தை மேலிருந்து கீழாக அடுக்கி ஒரு பட்டியல் கேட்பார்கள். எனக்கு அந்தப் பட்டியலே பிடிக்காது. உச்சியிலும் அடியிலும் திரும்பத் திரும்பச் சின்னப் பள்ளிகள்தான் வந்து நிற்கும்.

ஒரு உதாரணம், எண்களை வட்டமாக்கிச் சொல்கிறேன். எல்லாப் பள்ளிகளையும் சேர்த்துச் சராசரி 90%. ஒரு பள்ளியில் 25 பேர் எழுதி 20 பேர் பாஸ், அதாவது 80%. இன்னொன்றில் 400 பேர் எழுதி 336 பேர் பாஸ், 84%. பட்டியலில் 80% கடைசி, அதனால் அந்தத் தலைமையாசிரியைக்குத்தான் முதல் போன் போகும்.

பட்டியலுக்குப் பதிலாக நான் போடுவது ஃபனல் பிளாட், அதாவது ஒவ்வொரு பள்ளியும் ஒரு புள்ளியாக வரும் புனல் வடிவப் படம். அதில் படுக்கை அச்சு தேர்வு எழுதியவர்கள் எண்ணிக்கை, செங்குத்து அச்சு தேர்ச்சி சதவீதம், நடுவில் 90%-இல் ஒரு கோடு. p என்பது அந்தச் சராசரி, n என்பது தேர்வு எழுதியவர்கள் எண்ணிக்கை என்று வைத்து, கோட்டின் இருபுறமும் p ± 3.09 × √(p(1−p)/n) என்று எல்லைக்கோடு போட்டால் இடப்பக்கம் அகலமாகத் தொடங்கி வலப்பக்கம் போகப் போகக் குறுகும். 25 பேருக்குக் கீழெல்லை சுமார் 71%, 400 பேருக்கு 85%. ஆக 80% பள்ளி தாராளமாக உள்ளே, 84% பள்ளி வெளியே! 90% தரமுள்ள பள்ளியிலேயே 25 பேர் எழுதினால், பத்து வருடத்தில் ஒரு வருடம் 20 அல்லது அதற்குக் குறைவானவர்கள்தான் தேறுவார்கள். நாம் போய்ப் பார்க்க வேண்டியது பெரிய பள்ளியை.

1.96 போடாமல் 3.09 ஏன் என்று எங்கள் சார் கேட்டார். 1.96 என்றால், எந்தக் குறையும் இல்லாத பள்ளிகளிலேயே இருபதில் ஒன்று தற்செயலாக வெளியே விழும். 3.09 என்றால் ஐந்நூறில் ஒன்று. ஒரு பள்ளியின் பெயரை மீட்டிங்கில் சொல்வதற்கு முன் அவ்வளவு நிதானம் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னொன்று, சின்னப் பள்ளிக்கு இந்தச் சூத்திரத்தின் மேலெல்லை 100%-ஐத் தாண்டிவிடும், அங்கே இத்தனை பேர் பாஸ் ஆக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பைனாமியல் கணக்கை நேரடியாகப் போடுவதே சரி.

படத்தில் மூன்றில் ஒரு பங்கு புள்ளிகள் வெளியே கிடந்தால், அத்தனை பள்ளியும் மோசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேரும் பிள்ளைகளின் பின்னணி, பாடப்பிரிவு என்று நாம் கணக்கில் எடுக்காத ஏதோ ஒன்று பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது, அதைத்தான் முதலில் தேட வேண்டும். மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான், கடுமையான நோயாளிகள் எங்கே போகிறார்களோ அந்தப் புள்ளி மேலே ஏறும்.

அப்புறம், n என்பதே நம்பும்படி இருக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் எந்தப் படமும் அதைக் காட்டாது. அதனால் இப்போது பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையையும் தனியாக ஒரு பத்தியில் கேட்டு வாங்குகிறேன்.