19 வோல்ட் பக்கம் தெரியாத ஷார்ட்: போர்டு செய்முறைத் தேர்வில் மின்னோட்டத்தைப் படித்த அனுபவம்

ஈப்போவில் ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்திய லேப்டாப் போர்டு செய்முறைத் தேர்வை அண்மையில் எழுதினேன். சுங்கை சிப்புட்டில் என்னைப் போலவே கடை வைத்திருக்கும் சிலர் அடுத்த முறை அதே தேர்வுக்குச் செல்லவிருப்பதால், அதில் அதிகம் குழப்பிய பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். உயிரில்லாத ஒரு போர்டும் மேசை பவர் சப்ளையும் தருவார்கள். மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பு, பவர் சப்ளையின் ஆம்பியர் அளவை மட்டும் பார்த்து, போர்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காரணத்தோடு எழுத வேண்டும். பல ஆண்டுகள் ஐசி மாற்றிப் பழகியவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறினார்கள். கடையில் நாம் எண்ணைப் பார்க்கிறோமே தவிர, அந்த எண் எப்போது ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, எப்படி இறங்கியது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

முதலில் பவர் சப்ளையை வைக்கும் முறை. மின்னழுத்தம் 19 அல்லது 19.5 வோல்ட், மின்னோட்ட வரம்பு 1 ஆம்பியர் என்று தொடங்குவது பாதுகாப்பானது. ஆனால் ஸ்டாண்ட்பை நிலை சரியாக இருப்பதை உறுதிசெய்த பிறகும் வரம்பை 1 ஆம்பியரிலேயே விட்டுவிட்டால், சி.பி.யூ. வேலையைத் தொடங்கும் நொடியில் தேவை அதைத் தாண்டும். சப்ளை மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும். போர்டு அணைந்து மறுபடி எழும். நல்ல போர்டே பழுதான போர்டைப் போல நடிக்கும். ஆகவே பட்டனை அழுத்துவதற்கு முன் வரம்பை 3 ஆம்பியருக்கு மேல் உயர்த்திவிடுங்கள். இன்னொன்று, திரையில் இரண்டு தசம இடங்கள் மட்டும் காட்டும் சப்ளை இந்த வேலைக்குப் போதாது. 4 மில்லி ஆம்பியர் ஓடுவதும் ஒன்றுமே ஓடாததும் அதில் ஒரே மாதிரி 0.00 என்றுதான் தெரியும். டைப்-சி வழியாக மட்டும் மின்சாரம் ஏற்கும் போர்டுகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அவை 5 வோல்ட்டில் தொடங்கிப் பேச்சுவார்த்தை நடத்திய பிறகே 20 வோல்ட்டுக்குச் செல்லும் என்பதால், அவற்றுக்கு இடையில் செருகும் யூ.எஸ்.பி. மீட்டர்தான் உதவும்.

பட்டனை அழுத்துவதற்கு முன்பே போர்டு நிறையச் சொல்லிவிடுகிறது. உண்மையான பூச்சியம் என்றால் மின்சாரம் போர்டுக்குள்ளேயே நுழையவில்லை. ஜாக், ஃபியூஸ் அல்லது முதல் மாஸ்ஃபெட்டுக்கு முன்னால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மட்டும் ஓடினால், சார்ஜிங் ஐசி விழித்திருக்கிறது, ஆனால் உள்ளே வரும் கதவை அது திறக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் BQ24725A போன்ற ஐசிகளில் ACDET காலில் 2.4 வோல்ட்டுக்கு மேலும் 3.15 வோல்ட்டுக்குக் கீழும் இருந்தால்தான் அடாப்டர் சரியானது என்று ஏற்கப்படும். அந்தக் காலுக்குச் செல்லும் இரண்டு ரெசிஸ்டர்களில் ஒன்று மதிப்பு மாறினாலே போதும், மாஸ்ஃபெட்டுகளில் குறையே இல்லாமல் போர்டு இறந்தது போலக் கிடக்கும். ஏறத்தாழ 10 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை அசையாமல் நின்றால் 3.3 வோல்ட், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன்கள் எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட அதிகமாக இருந்து, எண் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், எங்கள் பக்கத்துப் போர்டுகளில் நான் முதலில் ஈரத்தைச் சந்தேகிப்பேன். தோட்டத்து லயங்களிலிருந்து வரும் மெஷின்களில் எறும்பு கூடு கட்டியதும் பச்சை பூத்ததும் சாதாரணம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, மறுபடி அளந்த பிறகே அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

சப்ளையை இணைத்த உடனே வரம்பை முட்டி மின்னழுத்தம் படுத்துவிட்டால், 19 வோல்ட் பிரதான லைனில் ஷார்ட். இதை யாரும் தவறவிடுவதில்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதில்தான் தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். பிரதான லைனில் வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திச் சூடாகும் பாகத்தைத் தேடுவதற்கு முன், சி.பி.யூ. காயிலிலிருந்து பிரதான லைனுக்கு மின்தடை அளந்தாக வேண்டும். அங்கே மேல்பக்க மாஸ்ஃபெட் உள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தால், நீங்கள் செலுத்தும் மின்னழுத்தம் காயில் வழியாக நேரே சி.பி.யூ.வுக்குப் போகும். 1 வோல்ட்டுக்கு மேல் செலுத்தக்கூடாது என்ற வழக்கம் இதற்காகத்தான் வந்தது. 5 வோல்ட் செலுத்தினால் கெட்ட மாஸ்ஃபெட் சீக்கிரம் சூடாகும் என்பது உண்மை. கூடவே நல்ல சி.பி.யூ.வும் போய்விடும்.

இனி, தேர்வில் எனக்குக் கிடைத்த போர்டு. இணைத்ததும் 0.021 ஆம்பியர், அசைவில்லை. பட்டனை அழுத்தியதும் 0.07 வரை ஏறியது. ஏறத்தாழ ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு மறுபடி 0.021. திரும்ப அழுத்தினாலும் அதே நடை. பக்கத்து மேசையில் இருந்த தம்பி இடைவேளையில், "அண்ணே, 70 மில்லிதானே, இதுல ஷார்ட் எங்கேயிருந்து வரும்? இ.சி.தான் போயிருக்கும்" என்றார். லைன்களை வரிசையாக எழுப்பும் கட்டுப்பாட்டு ஐசியைத்தான் இ.சி. என்கிறோம். அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் அந்த நியாயம் நிற்காது.

ஒவ்வொரு பக் கன்வெர்ட்டரும் மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைப் பெருக்கித் தருகிறது. இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருப்பது திறன் மட்டுமே.

```
P = V × I
0.3 V × 12 A = 3.6 W
3.6 W ÷ 19 V ≈ 0.19 A
```

1.2 வோல்ட் ரேம் லைன் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்வெர்ட்டர் 12 ஆம்பியரைத் தள்ளினாலும் லைன் 0.3 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. அப்போது 19 வோல்ட் பக்கம் இழுபடுவது 0.2 ஆம்பியர்கூட இல்லை. அதுவும் நீடிப்பதில்லை. மிகை மின்னோட்டப் பாதுகாப்பு சில மில்லி நொடிகளுக்குள் கன்வெர்ட்டரை நிறுத்திவிடுகிறது. அந்தக் குட்டித் துடிப்புக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியைப் போர்டின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர்களே கொடுத்துவிடுகின்றன. பவர் சப்ளையின் திரையோ நொடிக்குச் சில முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே கீழ் மின்னழுத்த லைனில் இருக்கும் கடுமையான ஷார்ட் திரையில் தெரியாமலேயே போகலாம். தெரிந்த 0.07 ஷார்ட்டின் எண் அன்று. பட்டனுக்குப் பிறகு எழுந்த மற்ற லைன்களின் செலவு அது. ஒரு நொடி அது நின்றதற்குக் காரணம், லைன் சரியாக எழுந்தது என்று சொல்லும் பவர் குட் சிக்னலுக்காக இ.சி. காத்திருந்ததே. காத்திருந்து பார்த்து வராததால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. காத்திருக்கத் தெரிந்த இ.சி. உயிரோடு இருக்கிறது என்று விடைத்தாளில் எழுதினேன். காத்திருக்கும் நேரம் போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால் நொடிக்கணக்கை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஏறி, நின்று, இறங்கும் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மீட்டர் தரப்பட்ட பிறகு வேலை குறுகிவிட்டது. பட்டனை அழுத்தும்போது சிப்செட் அனுப்பும் SLP_S4#, SLP_S3# சிக்னல்கள் இரண்டும் உயர்ந்தன. ஆகவே சிப்செட்டும் சம்மதம் சொல்லிவிட்டது. அடுத்து எழ வேண்டியது ரேம் லைன். அதன் காயிலில் மின்னழுத்தம் தலைகாட்டவே இல்லை. சப்ளையைக் கழற்றி, ரேமை எடுத்துவிட்டுக் காயிலிலிருந்து தரைக்கு அளந்தால் 0.3 ஓம். இரண்டு புரோப் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வருவதும் அதே 0.3 ஓம். அதாவது உண்மையான மின்தடை மீட்டருக்கு எட்டாத அளவு குறைவு. சி.பி.யூ. காயிலில் சில ஓம்களோ அதற்கும் குறைவோ வருவது இயல்பாக இருக்கலாம். ரேம் லைனில் இது இயல்பன்று.

காயிலின் வெளியேறு பக்கத்தில் தடித்த வயரைப் பற்றவைத்து, சப்ளையை 1 வோல்ட், 5 ஆம்பியர் என்று வைத்தேன். லைனின் சொந்த மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்பதால் இதனால் எதற்கும் ஆபத்தில்லை. திரை 0.8 வோல்ட் காட்டியது, ஆனால் போர்டின் மேல் அளந்தால் 0.2 வோல்ட்தான். மீதி முழுவதும் வயரிலும் கிளிப்பிலும் வீணானது. ஆகவே ஷார்ட்டில் வெந்தது 1 வாட் மட்டும். செம்புத் தளம் அந்தச் சூட்டையும் பரப்பிவிடுவதால் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. தெர்மல் கேமரா தேர்வில் தரப்படவில்லை. மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைத் தரையில் நிறுத்தி, சிவப்பு முனையை லைனின் ஒவ்வொரு கெப்பாசிட்டராகத் தொட்டுக்கொண்டே சென்றேன். மின்னோட்டம் ஷார்ட்டை நோக்கித்தான் ஓடும் என்பதால் மின்னழுத்தம் அந்தத் திசையில் இறங்கிக்கொண்டே போகும். ஸ்லாட்டின் ஓரத்தில் இருந்த ஒரு செராமிக் கெப்பாசிட்டரில் அது மிகக் குறைவாக இருந்தது. அதைத் தாண்டியதும் இறங்குவது நின்றுவிட்டது. அங்கே ஆல்கஹாலைத் தடவினால் அந்த ஒரு பாகத்தின் மேல் மட்டும் முதலில் உலர்ந்தது. இரண்டு வழியும் ஒரே இடத்தைக் காட்டிய பிறகே ஹாட் ஏரைத் தொட்டேன். அதே லைனில் இணையாகப் பல கெப்பாசிட்டர்கள் இருப்பதால் ஒன்றை எடுத்துச் சோதிப்பதில் தடையில்லை, ஆனால் திருப்பித் தரும்போது அதே மதிப்பில் புதியது போட்டுத்தான் தர வேண்டும்.

கழற்றிய பிறகு லைன் 80 ஓமுக்கு மேல் காட்டியது. ரேமைச் செருகிச் சப்ளையை மறுபடி இணைத்தபோது 0.021, பட்டனுக்குப் பிறகு 0.07, 0.25, பிறகு 0.5க்கும் 0.9க்கும் இடையில் ஓயாத ஊசலாட்டம். சி.பி.யூ. கட்டளைகளைச் செயல்படுத்தும்போது மட்டுமே இந்த ஊசலாட்டம் வரும். அசையாத எண் வேறு கதை.

அந்த வேறு கதையில் இந்த முறையின் எல்லையும் இருக்கிறது. எல்லா லைனும் எழுந்து, மின்னோட்டம் 0.2 அல்லது 0.3 ஆம்பியரில் சிலை போல நின்றால், பயாஸ் கெட்டதா, சி.பி.யூ.வே இறந்ததா என்பதை ஆம்பியரை வைத்துப் பிரிக்க முடியாது. அத்தகைய போர்டு கையில் வந்தால் விடைத்தாளில் இரண்டையும் எழுதுங்கள். பிறகு ஆஸிலோஸ்கோப்பை பயாஸ் சிப்பின் கிளாக் காலில் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். ரீசெட் விடுபட்ட பின்னும் அங்கே துடிப்புத் தொடர்ந்தால் சி.பி.யூ. எதையோ படிக்க முயல்கிறது என்று பொருள். பயாஸை நகலெடுத்து வைத்துக்கொண்டு மறுபடி எழுதிப் பார்ப்பது அடுத்த படி.