பக்கத்து வீட்டு மதிப்பெண் இங்கே எப்படி வந்தது?

எங்கள் தெரு கோலப்போட்டிக்கு மதிப்பெண் கூட்டும் ப்ரோகிராமை சி-யில் எழுதியிருந்தேன். 12 வீடு, ஒவ்வொரு கோலத்துக்கும் நான்கு நடுவர்கள். நான்கு மதிப்பெண்ணையும் வரிசைப்படுத்தி, சின்னதையும் பெரியதையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். நான்கு எண்ணுக்கு இன்சர்ஷன் சார்ட் போதும்.

முதலில் எழுதியது ஸ்வாப் செய்யும் வடிவம். அது சரியாகவே ஓடியது. ஆனால் ஒரு எண்ணை ஓரிடம் இடப்பக்கம் கொண்டுபோக ஒவ்வொரு ஸ்வாப்புக்கும் மூன்று முறை மதிப்பை எழுத வேண்டியிருக்கிறது. எண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய எண்களை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினால் ஓரிடத்துக்கு ஒரு எழுத்துதான். அதனால் போட்டிக்கு முந்தின நாள் மாற்றி எழுதினேன். `a` ஒரு வீட்டின் நான்கு மதிப்பெண், `key` கையில் எடுத்த எண், `i` அது இருந்த இடம்:

```c
size_t j = i - 1;
while (j >= 0 && a[j] > key) {
    a[j + 1] = a[j];
    j--;
}
a[j + 1] = key;
```

`-Wall` போட்டு கம்பைல் செய்தேன், ஒரு எச்சரிக்கையும் இல்லை. இரண்டு வீட்டை வைத்துச் சோதித்தேன். இரண்டு வரிசையும் ஏறுமுகமாக வந்தன. சரி என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

மறுநாள் முடிவைப் பார்த்த ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, அதெப்படி முதல் வீட்டுலேர்ந்து கடைசி வீடு வரைக்கும் மார்க் ஏறிக்கிட்டே போகுது?” பட்டியலை மறுபடி பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. எந்த வீட்டுக்கும் முந்தின வீட்டை விடக் குறைவாக மதிப்பெண் இல்லை. பரிசு கொடுக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது.

நடுவர்களின் தாளை வாங்கி முதல் இரண்டு வீட்டைக் கையால் போட்டுப் பார்த்தேன். முதல் வீடு 5, 6, 8, 9. இரண்டாவது 10, 7, 10, 8. முதல் வரிசை வரும்போதே ஒழுங்காக இருந்ததால் அங்கே எதுவும் நகரவில்லை. இரண்டாவதில் 7-ஐக் கையில் எடுத்ததும் 10 வலப்பக்கம் போகிறது, j பூஜ்யத்திலிருந்து ஒன்று குறைகிறது. லூப் அங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் `size_t` குறியில்லாத வகை, அதில் மைனஸ் ஒன்று கிடையாது. gdb-யில் `p j` கேட்டால் 18446744073709551615 என்று வந்தது. அது எப்போதும் `>= 0` தான், அதனால் அந்தச் சோதனை இருந்தும் இல்லாததுபோல்.

சி மொழியின் விதிப்படி அப்புறம் என்ன நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. என் கணினியில் அந்தப் பெரிய எண் சுற்றிக்கொண்டு `a[-1]` ஆக வேலை செய்தது. இரட்டைப் பரிமாண அணியில் `a[-1]` என்ற இடத்தில் இருப்பது முந்தின வீட்டின் கடைசி மதிப்பெண். 9, 7-ஐ விடப் பெரியது என்பதால் இரண்டாவது வீட்டுக்குள் வந்தது. 8 ஓரிடம் தள்ளிப்போனது. 6 சின்னது என்பதால் லூப் நின்று, 7 முதல் வீட்டில் உட்கார்ந்தது.

கடைசியில் முதல் வீடு 5, 6, 7, 8. இரண்டாவது 8, 9, 10, 10. இரண்டும் அழகாக வரிசையில் இருக்கின்றன, மொத்தக் கூட்டுத்தொகைகூட மாறவில்லை. ஆனால் முதல் வீட்டுக்கு வர வேண்டிய 7, 6.5 ஆகிவிட்டது, இரண்டாவது வீட்டின் 9, 9.5 ஆகிவிட்டது. ‘வரிசையில் இருக்கிறதா’ என்று மட்டும் சோதித்தால் இது சிக்காது. உள்ளே போன அதே எண்கள்தான் வெளியே வந்தனவா என்றும் பார்க்க வேண்டும். அணிக்கு வெளியே கைவைத்தால் பிடிக்கும் `-fsanitize=address` போட்டும் பார்த்தேன், அதுவும் சும்மா இருந்தது. படித்த இடமும் எழுதிய இடமும் அதே அணிக்குள்தானே இருக்கின்றன! எந்த நடுவரும் ஐந்துக்குக் கீழே போடாதது பெரிய அதிர்ஷ்டம். ஒரு 4 இருந்திருந்தால் லூப் அணியையே தாண்டி வெளியே போயிருக்கலாம்.

பிடித்துக் கொடுத்தது `-Wextra`. அதற்குள் வரும் `-Wtype-limits`, குறியில்லாத எண்ணை `>= 0` என்று ஒப்பிடுவது எப்போதும் உண்மை என்று அந்த வரியையே காட்டியது. `-Wall` இதைச் சொல்லாது.

`int` ஆக மாற்றினாலும் தீர்ந்துவிடும். எனக்குப் பிடித்தது, j-யைக் காலியிடத்தின் எண்ணாக வைத்துக்கொள்வது:

```c
size_t j = i;
while (j > 0 && a[j - 1] > key) {
    a[j] = a[j - 1];
    j--;
}
a[j] = key;
```

இதில் j பூஜ்யத்தோடு நின்றுவிடும், கீழே போக வழியே இல்லை. `j > 0` முதலில் வர வேண்டும். இடம் மாற்றிப் போட்டால் சோதிப்பதற்கு முன்பே `a[-1]`-ஐப் படித்துவிடும்.

மறுபடி ஓட்டி, 12 வீட்டையும் தாளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதல் பரிசு கடைசி வீட்டுக்கு இல்லை, நடுவில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனது. முதல் வீட்டு அக்காவிடம் போய், அவருடைய மதிப்பெண் 6.5 இல்லை, 7 என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.