சான்றிதழ் தங்கத்துக்குக் கூடுதல் விலை உண்டா?

துபாயில் ஒரு தங்கச் சுத்திகரிப்பு ஆலையில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். உருக்க வரும் தங்கம் எந்தச் சுரங்கத்தில் வெட்டப்பட்டது, எந்த விமான நிலையம் வழியாக வந்தது, பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று காகிதங்களைத் துருவுவதுதான் என் பொறுப்பு. ஊரில் சொன்னால், “தங்கத்துக்கு ஜாதகம் பார்க்கிற உத்தியோகமா?” என்பார்கள். கிட்டத்தட்ட அதுதான். இப்படிப் பூர்வீகம் சுத்தம் என்று சான்று பெற்ற தங்கத்துக்கு யாராவது கூடுதல் விலை தருகிறார்களா என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த உத்தியோகம் உருவானதற்குக் காரணம் காங்கோ. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆயுதக் குழுக்கள் தங்கத்தை வைத்துப் பணம் பண்ணுவதைத் தடுக்க, 2010-ல் அமெரிக்கா டாட்-ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. 2012-ல் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி தங்கத்துக்கென்று தனி வழிகாட்டுதல் கொடுத்தது. லண்டன் தங்கச் சந்தை அமைப்பான எல்பிஎம்ஏ அதே வருடம் தன் அங்கீகாரப் பட்டியலில் உள்ள ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. துபாயிலும் விதிகள் வந்தன. ஆனாலும் 2013-ல் காங்கோவில் சிறு சுரங்கக்காரர்கள் எடுத்த தங்கத்தில் 98 சதவீதம் கடத்தலில்தான் வெளியேறியது என்று ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது.

விதிகளில் எல்லோரும் நுழையப் பார்க்கும் சந்து ஒன்று உண்டு. பழைய நகையை உருக்கிய தங்கம் என்றால் அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று யாரும் தோண்ட வேண்டியதில்லை. விற்பவர் யார், இவ்வளவு நகை அவரிடம் எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால் போதும். அதனால் சுரங்கத் தங்கத்துக்குப் ‘பழைய நகை’ என்று பெயர் சூட்டிக் கொண்டுவருவார்கள்.

2019 வாக்கில் ஒரு வியாபாரி இப்படித்தான் நாலு கிலோ கட்டிகளைக் கொண்டுவந்தார். கிழக்கு ஆப்பிரிக்க நகரம் ஒன்றில் போட்ட பில் இருந்தது, சரக்கின் பெயர் பழைய நகை உருக்கு. பரிசோதனைக்கூடத்தில் தங்கம் 93.4 சதவீதம் என்று வந்தது. மீதியில் பெரும்பகுதி வெள்ளி, கொஞ்சம் இரும்பு. செம்பும் துத்தநாகமும் இல்லை என்றே சொல்லலாம்.

நகை செய்கிறவர் தங்கத்தில் செம்பு கலக்காமல் இருப்பது அபூர்வம். பற்றவைத்த இடங்களிலிருந்து துத்தநாகமோ காட்மியமோ வரும். 22 காரட் என்றாலே 91.6-தான், 21, 18 எல்லாம் சேர்த்து உருக்கினால் இன்னும் கீழே இறங்கும். மண்ணிலிருந்து வரும் தங்கம் அப்படியில்லை, அதன் இயற்கையான கூட்டாளி வெள்ளி. 93.4-ம் வெள்ளியுமாக ஒரு கட்டி வந்தால் அது எந்தப் பெண்ணின் கழுத்திலும் இருந்ததில்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இதைப் பார்க்கக் கட்டியைத் துளைத்து உள்ளிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மேலே காட்டும் எக்ஸ்ரே கருவி மேல்தோலை மட்டுமே படிக்கும். துபாயில் எர்ன்ஸ்ட் & யங் கணக்காய்வுக் குழுவை நடத்திய அம்ஜத் ரிஹான், மொராக்கோவிலிருந்து வெள்ளிப் பூச்சு பூசி வெள்ளி என்ற பெயரில் தங்கம் வந்ததைக் கண்டுபிடித்தவர். அதை மூடி மறைக்க அவர் மறுத்த விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய், 2020-ல் அவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரத் தீர்ப்பானது.

எங்கள் கொள்முதல் மேலாளர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள், ஆலையில் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அவர் காக்கா. “தம்பி, லண்டன் விலையிலேர்ந்து ஒரு சதவீதம் குறைச்சுத் தர்றான். யோசிச்சுப் பாரு” என்றார்.

“காக்கா, அந்த ஒரு சதவீதத்தை அவன் ஏன் விட்டுக்கொடுக்கிறான்?”

அவர் சிரித்தார். அவருக்குத் தெரியாததா! கணக்குப் போட்டோம். அவுன்ஸ் 1,500 டாலர், கிலோ சுமார் 48,200. நாலு கிலோவில் சுத்தத் தங்கம் 3.736 கிலோ, ஏறக்குறைய 1,80,000 டாலர். அதில் ஒரு சதவீதம் 1,800. ஒழுங்கான காகிதம் இல்லாததற்கு அந்த வியாபாரி கட்டத் தயாராக இருந்த அபராதம் அது. நாங்கள் வாங்கவில்லை. வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். உலையில் மற்ற தங்கத்தோடு சேர்ந்தபின் எந்தச் சோதனையாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, காகிதம் இல்லாவிட்டால் விலை குறைகிறது. இருந்தால் ஏறுகிறதா? கிலோக் கட்டி வாங்கும் இந்திய வியாபாரி லண்டன் விலைக்கு மேல் இத்தனை, கீழ் இத்தனை என்றுதான் பேசுவார். அந்த ஏற்ற இறக்கம் கல்யாண சீசனையும் இறக்குமதி வரியையும் பொறுத்தது. எந்தச் சுரங்கம் என்று கேட்டு ஒரு டாலர் கூட்டிக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. தி.நகரில் நகை வாங்குகிறவர் பார்க்கும் ஹால்மார்க்கும் மாற்றைத்தான் சொல்லும், பூர்வீகத்தைச் சொல்லாது.

இதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் ரஷ்யா. 2022 மார்ச் 7-ல் எல்பிஎம்ஏ ஆறு ரஷ்ய ஆலைகளை நிறுத்திவைத்தது. அதற்கு முன் அவர்கள் வார்த்த கட்டி லண்டனில் செல்லும், பின் வார்த்தது செல்லாது. சுத்தத்தில் துளி வித்தியாசம் இல்லை. செல்லுகிற கட்டிக்கு அதற்காக விலை ஏறவில்லை. செல்லாத கட்டிக்குத்தான் வேறு சந்தை தேட வேண்டியிருந்தது. பட்டியலில் இருப்பது நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். அதன் லாபம் விற்கும் விலையில் தெரியாது. தங்கத்தைக் கடனாகக் கொடுக்கும் வங்கிகள் நம்மோடு பேசுமா என்பதில் தெரியும்.

கூடுதல் விலை நிஜமாகவே இருப்பது ஃபேர்மைன்ட் போன்ற முத்திரைகளில். சிறு சுரங்கக்காரர்களின் அமைப்புகளிடம் வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேல் கிலோவுக்கு 4,000 டாலர் தர வேண்டும். பாதரசமும் சயனைடும் தொடாமல் எடுத்திருந்தால் 6,000. இது பேரத்தில் பிறந்த விலையில்லை. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை. 1,500 டாலர் காலத்தில் 4,000 என்பது எட்டு சதவீதத்துக்கு மேல். அவுன்ஸ் 4,000 டாலருக்குப் போனால் அதே தொகை மூன்று சதவீதம்தான். தங்கம் ஏற ஏற வாங்குகிறவருக்குச் சுமை குறைகிறது, சுரங்கக்காரருக்கும் அதன் கவர்ச்சி குறைகிறது. கையில் ரொக்கம் கொடுக்கும் தரகரோடு அந்தச் சான்றிதழ் போட்டி போட வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் நகை செய்யும் ஒருவர் எங்களிடம் இதைப் பற்றி விசாரித்தார். 18 காரட்டில் நாலு கிராம் மோதிரம் என்றால் சுத்தத் தங்கம் மூன்று கிராம், ஆகக் கூடுதல் செலவு 12 டாலர். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவர் கேட்டது வேறு: “என் தங்கத்தைத் தனியாக உருக்கித் தருவீர்களா?” அவருக்கு வேண்டியது காலாண்டுக்கு இரண்டு கிலோ. அதற்குத் தனி மூசை, தனிப் பதிவேடு வேண்டும், உலையைத் துடைத்து நிறுத்தி, சிதறல் வரைக்கும் தனியே கணக்கு வைக்க வேண்டும். ஐம்பது கிலோ ஓட வேண்டிய நேரம் அந்த இரண்டு கிலோவுக்குப் போய்விடும். உருக்குக் கூலியாக நாங்கள் சொன்ன தொகை, சுரங்கக்காரருக்குப் போகும் 4,000 டாலருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கலந்து உருக்கி அளவை மட்டும் கணக்கில் நேர் செய்யும் முறையும் ஃபேர்மைன்டில் உண்டு, அதில் செலவு மிகக் குறைவு. ஆனால் நகையில் அந்த முத்திரையைக் குத்த முடியாது. முத்திரை இல்லாவிட்டால் தன் வாடிக்கையாளரிடம் எதைக் காட்டி அந்த 12 டாலரைக் கேட்பது என்றார். கடைசியில், சிறு அளவுகளையே உருக்கும் ஐரோப்பியப் பட்டறை ஒன்றுக்குப் போய்விட்டார். காக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை.